வங்கிக்கு மட்டும் ஒரு மின்னஞ்சல்: மூத்த குடிமக்கள் மன்றத்தில் பேசப் போகிறவருக்கான முழு வழிகாட்டி

போலி வங்கிக் கடிதங்களை அடையாளம் காண, வங்கிக்கு மட்டும் தனியாக ஒரு மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொள்வது பற்றி மூத்த குடிமக்கள் மன்றங்களில் ஐந்து முறை பேசியிருக்கிறேன். முதல் இரண்டும் வீண். கைதட்டினார்கள், தேநீரும் சுண்டலும் கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்து விசாரித்தால், ஒருவர் தவிர யாரும் வங்கியில் மின்னஞ்சல் முகவரியை மாற்றியிருக்கவில்லை. அந்த ஒருவரும் பாதியில் நின்று, முன்பு சரியாக இருந்ததையும் குழப்பிக்கொண்டிருந்தார். தவறு நான் சொன்ன வரிசையில் இருந்தது. கீழே உள்ளது திருத்திய வரிசை. பேச்சுக்கு இருபது நிமிடம், கேள்விகளுக்கு இருபது நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

## 1. போகும் முன் செய்ய வேண்டியவை

முதலில் உங்களுக்கு அப்படி ஒரு முகவரி இருக்க வேண்டும். “நீங்கள் வைத்திருக்கிறீர்களா தம்பி?” என்ற கேள்வி முதல் வரிசையிலிருந்தே வரும். இல்லையென்றால் அங்கேயே பேச்சு முடிந்துவிடும்.

மன்றச் செயலாளரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: எல்லோரும் படிக்கும் கண்ணாடியும் வங்கிப் பாஸ்புக்கும் கொண்டுவர வேண்டும், ஏடிஎம் அட்டையை வீட்டிலேயே வைத்துவிட வேண்டும். பாஸ்புக் எதற்கு என்பது ஏழாம் பகுதியில் தெரியும்.

நீங்கள் கொண்டுபோக வேண்டியவை இரண்டே: ஒரு பழுப்பு உறை, ஒரு மஞ்சள் உறை. கூடவே பெரிய எழுத்தில் அச்சிட்ட ஒற்றைத் தாள். திரையும் புரொஜெக்டரும் வேண்டாம். உங்கள் கைப்பேசியில் தெரியும் படம் அவர்கள் கைப்பேசியில் அப்படியே இருக்காது. “எனக்கு இப்படி வரவில்லையே” என்று பத்துப் பேர் ஒரே நேரத்தில் எழுந்தால் இருபது நிமிடமும் அதிலேயே போய்விடும்.

முன்பின் தெரியாத ஒருவர் முதியோர் கூட்டத்துக்கு வந்து வங்கி மின்னஞ்சல் பற்றிப் பேசுவது, ஏமாற்றுக்காரன் செய்யக்கூடிய காரியத்தைப் போலவே இருக்கிறது. இதை நீங்களே முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள். யாருடைய தொலைபேசி எண்ணையும், முகவரியையும், வங்கிப் பெயரையும் கேட்டு எழுதாதீர்கள். யார் கைப்பேசியையும் கையில் வாங்காதீர்கள், அவர்களே நீட்டினாலும். பின்னால் எது காணாமல் போனாலும் அந்தத் தொடுகைதான் நினைவுக்கு வரும்.

## 2. முதல் ஐந்து நிமிடம்: விதி ஒன்றே ஒன்று

“எழுத்துப்பிழை இருந்தால் போலி, அவசரப்படுத்தினால் போலி” என்ற பட்டியலோடு தொடங்குவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. நானும் செய்தேன். அதில் ஓட்டை இருக்கிறது. கேஒய்சி விவரங்களைப் புதுப்பிக்கச் சொல்லி வங்கியே உண்மையாக மின்னஞ்சல் அனுப்புகிறது. குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மோசடிக்காரனும் அதையே, அதே சின்னத்தோடு, பிழையில்லாத மொழியில் அனுப்புகிறான். எழுபது வயதில் இரண்டையும் படித்து வேறுபாடு கண்டுபிடி என்று சொல்வது நியாயமில்லை. எனக்கே பல முறை தெரிவதில்லை.

ஆகவே கடிதத்தைப் பார்க்காதீர்கள், அது வந்த பெட்டியைப் பாருங்கள் என்று சொல்லுங்கள். பழுப்பு உறையைத் தூக்கிக் காட்டுங்கள். இது பழைய முகவரி. துணிக்கடை, நகைக்கடை, பரிசோதனைக்கூடம், ரயில் டிக்கெட் என்று பத்து ஆண்டாக எங்கெல்லாமோ கொடுத்தது. மஞ்சள் உறை புதிய முகவரி. வங்கிக்கு மட்டுமே கொடுத்தது. பழுப்பு உறையில் “வங்கியிலிருந்து” ஒன்று வந்தால் படிக்கவே தேவையில்லை. அந்த முகவரி வங்கியிடம் இல்லை. இல்லாத முகவரிக்கு வங்கி எப்படி எழுதும்?

இங்கே ஒரு நிமிடம் நின்று, இந்த விதி ஒரு பக்கம்தான் ஓடும் என்பதையும் சொல்ல வேண்டும். பழைய பெட்டியில் வந்த வங்கிக் கடிதம் போலி. ஆனால் புதிய பெட்டியில் வந்துவிட்டது என்பதாலேயே அது உண்மை என்று ஆகாது. முகவரி எப்படியாவது கசியலாம். அதனால் புதிய பெட்டியில் வரும் கடிதத்திலும் இணைப்பை அழுத்தக் கூடாது. தகவலை மட்டும் எடுத்துக்கொண்டு, வங்கியின் செயலியைத் திறந்தோ, இணையதள முகவரியைத் தாமே தட்டியோ உள்ளே போக வேண்டும். 2025 அக்டோபர் 31க்குள் எல்லா வங்கிகளும் `.bank.in` என்று முடியும் இணைய முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. `.bank.in` என்ற அந்தக் கடைசி எழுத்துகளைத் தாளில் பெரிதாக அச்சிட்டுக் கொடுங்கள்.

## 3. இப்போது வங்கியிடம் இருப்பது யாருடைய முகவரி?

புதிதாக ஒன்றைத் தொடங்கும் முன் இதைக் கேட்க வைக்க வேண்டும். “கணக்கு தொடங்கியபோது மின்னஞ்சல் என்று எதை எழுதினீர்கள்?” என்றால் பாதிப் பேருக்கு நினைவிருக்காது. மகனுடையது, முன்னாள் அலுவலகத்தினுடையது, படிவம் நிரப்பிக் கொடுத்த முகவருடையது என்று எதுவும் இருக்கலாம். ஒரு பெரியவருடைய வைப்புநிதி அறிவிப்புகள் எல்லாம் எட்டு ஆண்டாக, வெளிநாடு போய்விட்ட மருமகனின் பழைய பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தன. அவர் அதைத் திறப்பதே இல்லை.

இணைய வங்கிச் சேவையில் சுயவிவரப் பக்கத்தில் பாதி மறைத்துக் காட்டும். இல்லையென்றால் கிளையில் கேட்டால் சொல்வார்கள். ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியே கேட்டு, தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். மாற்ற வேண்டிய இடங்கள் எத்தனை என்பது இந்தப் பட்டியலில்தான் தெரியும். அது தெரியாமல் தொடங்கியவர்கள்தான் நடுவில் நின்றுபோனார்கள்.

## 4. முகவரிக்குப் பெயர் வைப்பது

புதிய முகவரியில் சொந்தப் பெயர், பிறந்த ஆண்டு, வங்கியின் பெயர் மூன்றும் வரக் கூடாது. பெயரும் ஆண்டும் சேர்ந்தால் யாரும் ஊகித்துவிடலாம். யாரும் ஊகிக்க முடியாதபடி இருந்தால்தான் மஞ்சள் உறை மஞ்சளாகவே இருக்கும்.

அதே நேரத்தில், அந்த முகவரியைக் கவுண்டரில் வாயால் சொல்லியோ படிவத்தில் எழுதியோ கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே பூஜ்யமும் ஓ எழுத்தும், ஒன்று என்ற எண்ணும் சிறிய எல் எழுத்தும் ஒன்றுபோலத் தெரியும் இடங்களைத் தவிர்க்க வேண்டும். ழகரம் வரும் தமிழ்ச் சொற்களும் வேண்டாம். ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். சொந்த ஊர்த் தெருவில் நின்ற மரத்தின் பெயர், அதோடு இரண்டிலிருந்து ஒன்பதுக்குள் மூன்று எண்கள் என்று நான் பரிந்துரைப்பேன். மன்றத்தில் இந்தப் பகுதி மிகவும் கலகலப்பாக இருக்கும். தான் யோசித்த பெயரை உரக்கச் சொல்ல ஒருவர் எழுந்துவிடுவார். உடனே உட்கார வையுங்கள்.

பழைய ஜிமெயில் பெயரின் நடுவே ஒரு புள்ளி வைத்தால் புது முகவரி ஆகிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். ஜிமெயில் புள்ளிகளைக் கணக்கில் கொள்வதில்லை. புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் கடிதம் அதே பழைய பெட்டியில்தான் விழும்.

## 5. முகவரியை உருவாக்குவது, பூட்டுவது

இதை மன்றத்தில் செய்யாதீர்கள். அவரவர் வீட்டில், பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ பக்கத்தில் இருக்கும் நேரத்தில் செய்யட்டும். தாளில் இந்த வரிகள் மட்டும் இருந்தால் போதும்: ஜிமெயில் செயலியில் மேலே வலது மூலையில் உள்ள வட்டத்தைத் தொட வேண்டும், `Add another account`, பிறகு `Google`, பிறகு `Create account`, பிறகு `For my personal use`.

கடவுச்சொல் வேறு எங்கும் பயன்படுத்தாத ஒன்றாக இருக்க வேண்டும். அதைத் தாளில் எழுதி வைக்கலாமா என்று கேட்பார்கள். எழுதி பீரோவில் வையுங்கள் என்பேன். தொலைவில் இருந்து திருடுகிறவன் உங்கள் பீரோவைத் திறக்க முடியாது. மறந்துபோய்ப் பழைய கடவுச்சொல்லையே மறுபடி வைப்பதுதான் பெரிய ஆபத்து. அதே தாளில் வங்கியின் பெயரை எழுதாமல் இருந்தால் போதும். தாள் இருக்கும் இடம் வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லோரும் வழுக்கும் இடம் அடுத்தது. `Recovery email` என்ற இடத்தில் கை தானாகப் பழைய முகவரியை எழுதிவிடும். கடவுச்சொல் மறந்தால் உதவும் முகவரி அது. பழைய பெட்டியின் சாவி யாரிடமாவது சிக்கினால், “மறந்துவிட்டேன்” என்று சொல்லிப் புதிய பெட்டியையும் அவன் திறக்க முயல வழி கிடைக்கும். வீட்டுக்குப் புதுப் பூட்டுப் போட்டு, சாவியைப் பழைய தபால்பெட்டிக்குள் வைப்பது போன்றது அது. அந்த இடத்தைக் காலியாக விடலாம், அல்லது நம்பிக்கையான மகன், மகள் முகவரியைக் கொடுக்கலாம். `Recovery phone` என்ற இடத்தில் தம் சொந்த எண்ணையே கொடுக்க வேண்டும்.

அதன் பிறகு `2-Step Verification` என்பதை இயக்கி, `Backup codes` என்பதை எடுத்துத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். பத்து எண்கள் வரும், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும். கைப்பேசி தொலைந்து, சிம்மும் போய்விட்ட நாளில் உள்ளே நுழைய இவைதான் வழி. வங்கியிடம் முகவரியைக் கொடுக்கும் முன்பே இதை முடித்துவிட வேண்டும். வங்கிக் கடிதங்கள் வந்து சேர்ந்த பின் பூட்டு போடுவோம் என்று தள்ளிப்போட்டவர்கள் போடவே இல்லை.

## 6. இரண்டு பெட்டிகள் கைப்பேசியில் கலந்துவிடாமல் இருக்க

இரண்டு முகவரிகளையும் ஒரே கைப்பேசியில் வைத்தால் ஜிமெயில் செயலியில் `All inboxes` என்று ஒரு காட்சி கிடைக்கும். அதில் இரு பெட்டிக் கடிதங்களும் ஒரே வரிசையில் கலந்து வரும். எந்தப் பெட்டியில் வந்தது என்று பார்ப்பதுதான் நம் விதியே. இந்தக் காட்சியில் அது அடிபட்டுப்போகிறது. அதில் படிக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். புதிய முகவரியின் வட்டத்தில் ஒரு மஞ்சள் பூவின் படத்தை வைத்துவிட்டால், எந்தப் பெட்டியில் நிற்கிறோம் என்பது கண்ணாடி இல்லாமலும் தெரியும்.

இன்னொரு கசிவு: ஏதாவது செயலியைத் திறந்தால் `Sign in with Google` என்று கேட்டு இரண்டு முகவரிகளையும் காட்டும். அவசரத்தில் விரல் புதியதில் பட்டால், அந்த நொடியே அது வங்கிக்கு மட்டுமான முகவரி இல்லை என்றாகிவிடும். அங்கே பழையதைத்தான் தொட வேண்டும்.

இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாம், புதிய முகவரியைக் கைப்பேசியில் சேர்க்காமலே விட்டுவிடுகிறேன் என்று ஒருவர் சொல்வார். நான் ஒப்புக்கொள்வதில்லை. கைப்பேசியில் மணி அடிக்காத பெட்டியை யாரும் திறப்பதில்லை. தெரியாமல் பணம் போனால் வங்கி அனுப்பும் எச்சரிக்கை அங்கேயே கிடக்கும். தவிர, இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத கணக்கை கூகுள் நீக்கிவிடலாம். கடிதம் வந்து விழுவது பயன்பாடு ஆகாது. திறந்து படிப்பதுதான் பயன்பாடு.

## 7. வங்கிக்குச் சொல்வது: ஒருவர் செய்து முடித்த கதை

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், வயது 71. மூன்றாம் பகுதியில் சொன்ன பட்டியலை எழுதியபோது அவருக்கு மூன்று இடங்கள் வந்தன: ஓய்வூதியக் கணக்கு ஒரு வங்கியில், அதே வங்கியின் வேறு கிளையில் வைப்புநிதி, இன்னொரு வங்கியில் சேமிப்புக் கணக்கு.

ஓய்வூதியக் கிளைக்குப் பாஸ்புக்கோடும் ஆதார் நகலோடும் போய் விவர மாற்றப் படிவம் கொடுத்தார். கைப்பேசியையும் கொண்டுபோயிருந்தார். அது முக்கியம், ஏனென்றால் சில வங்கிகள் புதிய முகவரிக்கு ஓர் எண்ணோ இணைப்போ அனுப்பி உடனே உறுதி செய்யச் சொல்லும். தானே கேட்டு, தானே கிளையில் நிற்கும் நேரத்தில் வருவதால் அந்த இணைப்பை மட்டும் அழுத்தலாம். மறுநாள் முதல் கடிதம் மஞ்சள் பெட்டிக்கு வந்தது. இரண்டாவது வங்கியை இணைய வழியாகவே மாற்றினார்.

மூன்று வாரம் கழித்து, வைப்புநிதி முதிர்வு அறிவிப்பு பழைய முகவரிக்கு வந்தது. விதிப்படி போலி என்று நீக்கப் போனவர், தொகை சரியாக இருக்கிறதே என்று தயங்கி என்னை அழைத்தார். கிளையில் நேரில் கேட்கச் சொன்னேன். கடிதம் உண்மைதான். வேறு கிளையில் தொடங்கிய அந்த வைப்புநிதிக்கு வேறு வாடிக்கையாளர் எண் இருந்திருக்கிறது. மின்னஞ்சல் முகவரி கணக்கு எண்ணோடு ஒட்டியிருப்பதில்லை, வாடிக்கையாளர் எண்ணோடு ஒட்டியிருக்கும். ஒரே வங்கியில் ஒருவருக்கு இரண்டு வாடிக்கையாளர் எண்கள் இருந்தால் இரண்டிலும் மாற்ற வேண்டும், அல்லது இரண்டையும் ஒன்றாக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

பாஸ்புக்கைக் கொண்டுவரச் சொன்னது இதற்காகத்தான். முதல் பக்கத்தில் வாடிக்கையாளர் எண் அச்சாகியிருக்கும். ஒரே வங்கியின் இரண்டு பாஸ்புக் வைத்திருப்பவர்களை அங்கேயே ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கடன் அட்டை இருந்தால் அதையும் தனியாகக் கேட்க வேண்டும். சில வங்கிகளில் அந்தப் பிரிவு முகவரியைத் தனியே வைத்திருக்கும்.

## 8. விதி எந்த நாளிலிருந்து?

முதல் இரண்டு பேச்சுகளில் நான் கோட்டை விட்டது இதைத்தான். புதிய முகவரி தொடங்கிய அன்றே “பழையதில் வருவதெல்லாம் போலி” என்று நினைத்துவிட்டால், உண்மைக் கடிதங்களும் குப்பைக்குப் போகும்.

பட்டியலில் உள்ள ஒவ்வொரு வாடிக்கையாளர் எண்ணிலிருந்தும் ஒரு கடிதமாவது புதிய பெட்டிக்கு வந்து சேர வேண்டும். வந்ததும் பட்டியலில் அதன் எதிரே ஒரு கோடு. எல்லாவற்றுக்கும் கோடு விழுந்த தேதியைத் தாளில் எழுதி, அந்த நாளிலிருந்துதான் விதி. மாதக் கணக்கறிக்கை வரும் கணக்குகளுக்கு ஐந்து வாரம் போதும். எதுவும் வராத கணக்கு இருந்தால், கணக்கறிக்கையை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லிக் கேட்டு வரவழைத்துக்கொள்ளலாம். அதுவரை பழைய பெட்டியில் வருவதைத் தொடாமல் கிளையில் கேட்க வேண்டும்.

புதிய பெட்டியிலிருந்து பழையதற்குத் தானாகக் கடிதம் போகும்படி அமைத்துக் கொடுக்கும் பேரன்கள் உண்டு. அன்பினால் செய்வதுதான். ஆனால் உண்மையான வங்கிக் கடிதம் மறுபடியும் பழுப்பு உறைக்குள் வந்துவிடுகிறது. எடுத்துவிடச் சொல்லுங்கள்.

## 9. கேள்வி நேரம்

“முகவரியை மாற்றினால் ஓடிபி வராதா?” இதுதான் முதல் கேள்வியாக வரும். குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி கைப்பேசி எண்ணுக்கு வருவது; மின்னஞ்சலை மாற்றுவதால் அது மாறாது.

“நானும் அவளும் ஒரே முகவரி வைத்துக்கொள்ளலாமா?” ஆளுக்கொன்று நல்லது. ஆனால் வீட்டில் ஒருவர்தான் கைப்பேசி பார்க்கிறார் என்றால், யாரும் பார்க்காத இரண்டு பெட்டிகளைவிட ஒருவர் பார்க்கும் ஒரு பெட்டி மேல்.

“மியூச்சுவல் ஃபண்டு, வருமான வரி, காப்பீடு?” அவற்றைப் பழையதிலேயே விடுங்கள் என்பேன். சேர்த்தால் இடைத்தரகர்கள், பதிவாளர்கள் என்று முகவரி பலர் கைக்குப் போகும்.

இது எதைத் தடுக்காது என்பதையும் அவர்கள் கேட்காமலே சொல்லிவிட வேண்டும். தொலைபேசியில் அதிகாரி போலப் பேசுகிறவனையும், வாட்ஸ்அப்பில் செயலிக் கோப்பு அனுப்புகிறவனையும் இந்த முகவரி ஒன்றும் செய்யாது. பணம் போய்விட்டது என்று தெரிந்த அந்த நிமிடமே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்; கூடவே வங்கிக்கும் சொல்ல வேண்டும். அந்த எண் தாளின் அடியில், எல்லா எழுத்தையும்விடப் பெரிதாக இருக்கட்டும்.

## 10. ஆறு வாரம் கழித்து

மறுபடி அதே மன்றத்துக்கு ஒரு அரை மணி நேரம் போங்கள். பேச வேண்டாம். பட்டியலில் எத்தனை கோடு விழுந்திருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். எந்த வங்கி, என்ன முகவரி என்று கேட்காதீர்கள். கடைசியாகப் போனபோது பதினெட்டுப் பேரில் ஏழு பேர் முடித்திருந்தார்கள். நான்கு பேருக்கு வைப்புநிதிக் கிளையில் மாற்றுவது மட்டும் பாக்கி இருந்தது. மற்றவர்கள், பிள்ளைகள் தீபாவளிக்கு வரட்டும் என்று காத்திருந்தார்கள்.